எட்டு மாதம் கழித்து வந்த “எப்படி இருக்க?”

“எனக்கு வயது 28. கோவையில் ஒரு தனியார் வங்கியில் வேலை. மூன்று வருடம் ஒருவரைக் காதலித்தேன். சண்டை வந்தால் ஒரு வாரம், பத்து நாள் பேசாமல் இருந்துவிட்டு ‘சாப்பிட்டியா?’ என்று வந்துவிடுவார். என் வீட்டில் வந்து பேசுங்கள் என்று சொன்னதும் மொத்தமாகப் பேச்சை நிறுத்திவிட்டார், காரணம்கூடச் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து, போன ஞாயிறு இரவு 11.40-க்கு ‘எப்படி இருக்க?’ என்று மட்டும் மெசேஜ். நோட்டிஃபிகேஷனில் பார்த்ததோடு சரி, இன்னும் திறக்கவில்லை. நான்கு நாளாகத் தூக்கம் இல்லை. மூன்று தோழிகளிடம் காட்டினேன், மூன்று பேரும் மூன்று மாதிரி சொல்கிறார்கள். அடுத்த மாதம் என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அந்தப் பையன் போட்டோவைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இவர் என்ன நினைத்து அனுப்பியிருப்பார்?”
– கோவை வாசகி

இன்னும் பத்துப் பேரிடம் காட்டினாலும் பத்து மாதிரிதான் சொல்வார்கள், ஏனென்றால் அந்த இரண்டு சொல்லில் படிக்க இருப்பது அவ்வளவுதான். உங்கள் தோழிகள் மேல் தப்பில்லை. ஒருத்திக்கு அவள் கணவன் திரும்பி வந்த கதை ஞாபகம் வந்திருக்கும், இன்னொருத்திக்கு அவளை ஏமாற்றியவன் ஞாபகம் வந்திருக்கும், அவரவர் கதையை அந்த மெசேஜுக்குள் வைத்துப் படித்திருப்பார்கள். நீங்களும் நான்கு நாளாக அதைத்தான் செய்கிறீர்கள். காலையில் ஒரு அர்த்தம், ராத்திரி ஒரு அர்த்தம், இல்லையா?

2005-ல் ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்களும் அவர்கள் குழுவும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சில வாக்கியங்களைக் கொடுத்து, சிலவற்றை உண்மையாகவும் சிலவற்றைக் கிண்டலாகவும் இன்னொருவருக்குச் சொல்லச் சொன்னார்கள், பாதிப் பேர் குரலில், பாதிப் பேர் மின்னஞ்சலில். எழுதி அனுப்பியவர்கள், படிப்பவருக்கு முக்கால்வாசிக்கு மேல் சரியாகப் புரிந்துவிடும் என்று நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகச் சொன்னது பாதிக்குக் கொஞ்சம்தான் மேல், அதாவது காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல். ஏற்கெனவே பழகிய நண்பர்களுக்குள் நடத்திப் பார்த்தபோதும் பெரிய வித்தியாசம் இல்லை. “மூன்று வருடம் பழகியிருக்கிறேன், அவன் எப்படி எழுதினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?” என்று உங்களுக்குள் ஒரு குரல் சொல்லும், என்னிடம் ஆலோசனைக்கு வருகிற எல்லோருமே சொல்கிற வாக்கியம் இது, அதனால்தான் அந்தக் கடைசி விஷயத்தை விடாமல் சொல்கிறேன். அந்த ஆய்விலாவது முழு வாக்கியம் இருந்தது. உங்களிடம் இருப்பது இரண்டே சொல்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. இப்படி மெசேஜ் அனுப்பியவர்களும் என்னிடம் வருகிறார்கள், அந்தப் பக்கத்தையும் நான் கேட்டிருக்கிறேன். ஒருவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அதற்கு முன்னால் “அவ நல்லா இருக்காளா” என்று தெரிந்துகொண்டால் மனசாட்சி குத்தாது என்று நினைத்தார். ஒருவர் புது ஊரில் வேலைக்குப் போய்ச் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு மனிதரிடமும் பேசாமல் இருந்த ராத்திரியில் போனில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து ஒரு பெயரில் நின்றுவிட்டார். இன்னொருவருக்கு அப்பா ஐசியூவில். என்ன எதிர்பார்த்து அனுப்பினீர்கள் என்று இவர்களிடம் கேட்டால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு “தெரியல மேடம், அனுப்பணும்னு தோணுச்சு” என்பார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியாது. அவர் மனதில் இன்னும் உருவாகாத ஒன்றை நீங்கள் நான்கு ராத்திரி தூங்காமல் தேடிக்கொண்டிருக்கலாம், அதுதான் எனக்குக் கவலை.

சரி, அந்த மெசேஜில் ஒன்றுமே தெரியவில்லையா என்றால், கொஞ்சம் தெரிகிறது. தமிழில் நலம் கேட்பதிலேயே ஆள் எங்கே நிற்கிறார் என்று காட்டிவிடுவோம். “எப்படி இருக்கீங்க?” என்று வந்திருந்தால் தள்ளி நின்று கதவைத் தட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். “நல்லா இருக்கியா?” என்பது ‘ஆமாம்’ என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்பது, குற்ற உணர்ச்சி இருக்கிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் கேட்பார்கள். “எப்படி இருக்க?” என்பது விட்ட இடத்திலிருந்து தொடர்கிற பேச்சு, நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி. இதுவும் வெறும் பழக்கத்தில் வந்திருக்கலாம், மூன்று வருடம் ‘நீ’ என்று பேசியவருக்கு வேறு எப்படிக் கேட்பதென்று தெரியாமல்கூட இருந்திருக்கலாம், அதனால் இதை வைத்து எதையும் முடிவு செய்துவிடாதீர்கள். நான் அதைவிட முக்கியமாகப் பார்ப்பது அந்த மெசேஜில் இல்லாத ஒன்றை. எட்டு மாதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. “சொல்லாம போனது தப்புதான்” என்று எழுத ஒருவருக்குக் கை நடுங்கும், எழுதி அழித்து எழுதி அனுப்ப வேண்டியிருக்கும். “எப்படி இருக்க?” என்று எழுத அப்படி எதுவும் வேண்டாம், நீங்கள் பதில் போடாவிட்டாலும் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இப்போதைக்கு அவர் போட்டிருக்கும் முதலீடு அவ்வளவுதான். ராத்திரி 11.40 என்பதற்கு நான் பெரிய அர்த்தம் கொடுக்க மாட்டேன், இன்று பாதிப் பேர் அந்த நேரத்தில்தான் போனோடு தனியாக இருக்கிறார்கள்.

இப்போது உங்கள் பக்கம். மெசேஜைப் பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும், கை சில்லிட்டிருக்கும், “அப்படியென்றால் எனக்கு இன்னும் காதல் போகவில்லை” என்று முடிவுக்கு வந்திருப்பீர்கள். அவசரப்பட வேண்டாம். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் நாய்களை வைத்துச் செய்த சோதனையைப் பள்ளியில் படித்திருப்பீர்கள், ஒரு ஓசையைக் கேட்க வைத்து உடனே உணவு கொடுப்பார், கொஞ்ச நாளில் ஓசை கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறும். பாடப்புத்தகத்தில் பல பேர் தாண்டிப் போகிற பகுதி அதற்கு அப்புறம் வருகிறது. ஓசை மட்டும் கொடுத்து உணவு கொடுக்காமலே இருந்தால் எச்சில் ஊறுவது குறைந்து நின்றுவிடும். எல்லாம் மறந்துவிட்டது என்று நினைத்துக் கொஞ்ச காலம் விட்டுவிட்டு மறுபடி அதே ஓசையைக் கொடுத்தால், திடீரென்று திரும்பவும் ஊறும். முன்பைவிடக் குறைவாக ஊறும், உணவு வராவிட்டால் முன்பைவிட வேகமாக அடங்கியும்விடும், ஆனால் ஊறும். உளவியலில் இதற்குத் ‘தன்னிச்சை மீட்சி’ என்று பெயர். உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்தது பெரும்பாலும் இதுதான். எட்டு மாதமாக நீங்கள் மீண்டு வந்ததெல்லாம் பொய்யாகிவிடவில்லை. உடம்பு பழைய ஓசையை அடையாளம் கண்டுகொண்டது, அவ்வளவுதான் இப்போதைக்கு உறுதியாகச் சொல்ல முடியும்.

உங்கள் விஷயத்தில் அந்த ஓசை ரொம்பப் பழகிய ஓசை. சண்டை, பத்து நாள் மௌனம், அப்புறம் ஒரு “சாப்பிட்டியா?”, உங்களுக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கும். தினமும் நிச்சயமாகக் கிடைக்கிற அன்பைவிட, எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் விட்டுவிட்டுக் கிடைக்கிற அன்பு மனிதரை அதிகமாகக் கட்டிப் போடும், அதைப் பெறப் பழகிய மனம் லேசில் விடாது. மூன்று வருடம் நீங்கள் அந்தப் பயிற்சியில் இருந்திருக்கிறீர்கள். பத்து நாள் மௌனம் இந்தத் தடவை எட்டு மாதமாக நீண்டிருக்கிறது, “சாப்பிட்டியா?” இந்தத் தடவை “எப்படி இருக்க?” என்று வந்திருக்கிறது. அவர் மாறியே இருக்க மாட்டார் என்று சொல்ல வரவில்லை, வந்திருக்கும் வடிவம் மட்டும் பழைய வடிவம்தான்.

அதனால் முதல் மெசேஜை விட்டுவிடுங்கள். படிக்க வேண்டியது உங்கள் பதிலுக்கு அப்புறம் வருவதை. இதை ஒரு பெண்ணின் கதையோடு சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் ஒரு பள்ளி ஆசிரியை, முப்பதை நெருங்குகிற வயது, ஆறு மாத மௌனத்துக்குப் பிறகு இதே போல ஒரு “ஹாய், எப்படி இருக்க?” வந்தது. ஐந்து நிமிடத்தில் “நல்லா இருக்கேன், நீ?” என்று போட்டுவிட்டார். அடுத்த மூன்று வாரம் தினமும் பேச்சு, பழைய போட்டோ, பழைய ஜோக், இடையில் ஒரு “மிஸ் யூ”. சந்தோஷமாகத்தான் இருந்தார், ஆனால் அடிவயிற்றில் ஏதோ சரியில்லை என்று என்னிடம் வந்தார். நான் அவரிடம் கேட்டது ஒரே ஒரு வேலை. மூன்று வாரப் பேச்சைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்து ஒரு நோட்டில் நான்கு விஷயம் மட்டும் எழுதச் சொன்னேன்: யார் ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு, எதைப் பற்றி, பதில் வராமலே போன கேள்வி எது.

அடுத்த தடவை வரும்போது அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு திறக்காமலே உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது நாளில் பதினான்கு நாள் அந்தப் பையன்தான் ஆரம்பித்திருந்தான், அதைப் பார்த்தால் அக்கறை போலத்தான் தெரியும். பதினான்கும் ராத்திரி பத்து மணிக்கு மேல். பேச்சு முழுக்க அவன் வேலை, அவன் மேனேஜர், அவன் தலைவலி. முதல் வாரத்திலேயே இவர் “அம்மாவுக்கு ஆபரேஷன், புதன்கிழமை அட்மிட் பண்றோம்” என்று எழுதியிருந்தார், அதற்கு “ஓ, டேக் கேர்” என்று வந்திருந்தது, புதன்கிழமை ராத்திரி வந்த மெசேஜ் “இன்னிக்கு மேட்ச் பாத்தியா?”. அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டும்போதுதான் அழுதார். மூன்று வாரமாக அந்த வரி போனிலேயே இருந்திருக்கிறது, சந்தோஷத்தில் கண்ணில் படவில்லை.

அப்புறம் அவரே ஒரு நாள் பகலில் கேட்டார், “நீ என்ன நினைச்சு மறுபடி பேச ஆரம்பிச்ச?” பதில் வந்தது: “சும்மாதான். ஏன், நான் பேசக்கூடாதா?” இந்தப் பதிலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், கேள்விக்குப் பதில் இல்லை, கேட்டதே தப்பு என்று கேட்டவர் மேல் திரும்புகிறது, இனி இவர்தான் “அப்படிச் சொல்லல...” என்று சமாதானம் சொல்ல வேண்டும். அவர் சமாதானம் சொல்லவில்லை. நான்கு நாள் கஷ்டப்பட்டார், அப்புறம் தூங்கினார். அதே கேள்வியைக் கேட்ட இன்னொரு பெண்ணுக்கு வந்த பதில், “நான் பயந்துட்டு ஓடிட்டேன். உன்னைக் கஷ்டப்படுத்தினது தெரியும். திரும்பி வான்னு கேக்க வரல, மன்னிப்புக் கேக்கணும்.” அவர்கள் இரண்டு பேரும் மறுபடி சேரவில்லை, ஆனால் அந்தப் பெண்ணுக்கு இரண்டு வருடமாக இருந்த “நான் என்ன தப்பு செய்தேன்” என்ற கேள்வி அன்றோடு போயிற்று. ஒரே கேள்விதான், இரண்டு மனிதர்கள் எப்படி என்று காட்டிவிட்டது.

நீங்கள் பதில் போட்டே ஆக வேண்டும் என்று இல்லை. காரணம் சொல்லாமல் போனவருக்குக் காரணம் சொல்லாமல் இருக்க உங்களுக்கும் உரிமை உண்டு, அது மரியாதைக் குறைவாகாது. கடிதத்தில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று இருந்தால், அதாவது அவர் எப்போதாவது கை ஓங்கியிருந்தால், மிரட்டியிருந்தால், உங்கள் போட்டோக்களை வைத்துக்கொண்டு பேசியிருந்தால், பதில் போடவே வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு பிளாக் செய்யுங்கள், மறுபடி தொந்தரவு வந்தால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். இன்னொரு சின்ன விஷயம், அந்த மெசேஜ் அவருடைய பழைய எண்ணிலிருந்துதான் வந்ததா என்று பாருங்கள். வேறு எண்ணிலிருந்து தெரிந்தவர் போல நலம் விசாரித்துவிட்டு அடுத்த நாள் “அவசரமா கொஞ்சம் பணம் வேணும்” என்று வருவதும் இப்போது சகஜம்.

இதெல்லாம் இல்லை, பதில் போடத்தான் மனம் கேட்கிறது என்றால், இப்படிச் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அந்தப் பேச்சைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாதீர்கள், அவர் அந்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் டைப் செய்வது அவருக்குத் தெரியும், நீங்கள் எழுதி அழித்து எழுதுவதெல்லாம் ஒரு செய்தியாகிவிடும். ஒரு தாளில் எழுதுங்கள். முதலில், அவருக்கு எழுதுவதற்கு முன்னால், உங்களுக்காக ஒரு வரி: “பத்து நாள் அவர் பதில் போடாவிட்டால் நான் என்ன செய்வேன்?” அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். அந்தப் பத்து நாளை நினைத்தாலே இப்போது வயிற்றைக் கலக்குகிறது என்றால் இன்னும் ஒரு வாரம் போகட்டும், அவர் எட்டு மாதம் எடுத்துக்கொண்டார், ஒரு வாரத்தில் ஒன்றும் கெட்டுவிடாது. அப்புறம் பகல் நேரத்தில், சாப்பிட்ட பிறகு, பக்கத்தில் தோழிகள் யாரும் இல்லாமல், இந்த மாதிரி அனுப்பலாம்:

“நல்லா இருக்கேன். எட்டு மாசம் கழிச்சு மெசேஜ் பண்ணியிருக்கீங்க. என்ன பேசணும்னு நினைச்சீங்கன்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் பேசலாமா வேண்டாமான்னு நான் சொல்றேன்.”

‘நீங்க’ என்று போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கோபத்தில் அல்ல, அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார், நீங்கள் அங்கே இல்லை என்று அந்த ஒரு மாற்றம் சொல்லிவிடும். நேரில் அவரை எப்போதுமே ‘நீ’ என்றுதான் கூப்பிட்டீர்கள், இது செயற்கையாக இருக்கிறது என்றால் ‘நீ’ என்றே போடுங்கள், மற்றது மாறக் கூடாது. “நீ எப்படி இருக்க?” என்று திருப்பிக் கேட்காதீர்கள். கேட்டுவிட்டால் அவர் சொல்ல வேண்டிய விஷயத்துக்குப் பதிலாக அவர் தலைவலியைச் சொல்ல வழி கிடைத்துவிடும்.

வருகிற பதிலில் மூன்று விஷயம் தேடுங்கள். எட்டு மாதத்தைப் பற்றி அவராகச் சொல்கிறாரா. உங்கள் வீட்டில் பேசச் சொன்ன அந்தப் பேச்சை எடுக்கிறாரா, ஏனென்றால் எல்லாம் நின்றது அங்கேதான், அதைத் தொடாமல் வருகிற எந்த இனிமையும் அந்த இடத்துக்கு வரும்போது மறுபடி நிற்கும். அப்புறம், நேரில் பகலில் ஒரு பொது இடத்தில் பேசலாமா என்று நீங்கள் கேட்டால் தேதி சொல்கிறாரா, இல்லை “பாக்கலாம்” என்கிறாரா. மூன்றும் இருந்தால் ஒரு தடவை சந்தித்துப் பேசுவதில் தப்பில்லை, அதுவும் பேசுவதற்கு மட்டும். “சும்மாதான்” என்று வந்தாலோ, இதயம் போட்ட எமோஜி மட்டும் வந்தாலோ, பத்து நாள் ஒன்றுமே வராவிட்டாலோ, அதுவும் முழுமையான பதில்தான், அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், விளக்கம் கேட்டு இரண்டாவது மெசேஜ் போடாதீர்கள்.

பெண் பார்க்க வருகிற விஷயத்தை இதோடு கலக்கக் கூடாது, கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்தியது அந்த ஒரு வரிதான். இந்த மெசேஜ் வருவதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை, அந்தப் போட்டோவைப் பார்த்தபோதும் ஒன்றும் தோன்றவில்லையா, அல்லது ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம்தான் தோன்றாமல் போயிற்றா? உங்களுக்குத்தான் தெரியும். சனிக்கிழமையே தோன்றவில்லை என்றால், முன்பின் பேசாத ஒருவரின் போட்டோவைப் பார்த்து எதுவும் தோன்றாமல் இருப்பது இயல்பு, அல்லது நீங்கள் இன்னும் கல்யாணத்துக்குத் தயாராகவில்லை, எப்படியானாலும் அதற்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. ஞாயிறுக்கு அப்புறம்தான் என்றால், உடம்பு அடங்குவதற்கு முன்னால் அந்தப் பையனைப் பார்ப்பது உங்களுக்கும் நியாயம் இல்லை, அந்தப் பையனுக்கும் நியாயம் இல்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அம்மாவிடம் “இன்னும் மூணு வாரம் தள்ளி வெச்சுக்கலாம்மா, ஆபீஸ்ல ஆடிட் இருக்கு” என்று சாக்குச் சொல்லாமல், “எனக்கு மனசு சரியில்லம்மா, கொஞ்சம் டைம் வேணும்” என்று சொல்லுங்கள். அவரைப் பற்றி வீட்டில் சொல்ல வேண்டிய கட்டாயம் இன்று இல்லை. அம்மா ஜாதகம், நல்ல இடம், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரு பாட்டம் பேசுவார், பேசட்டும். மறுநாள் காலையில் காபி போடும்போது “என்னடி ஆச்சு?” என்று அவரே கேட்க வாய்ப்பு உண்டு. அப்போது என்ன சொல்வது என்பதை மட்டும் இன்று ராத்திரி யோசித்து வையுங்கள்.